நான்கு நாக்குகள் செதுக்கிய சொல்

கி.பி. 486-இல், இன்றைய பிரான்சின் வடக்கே உள்ள சுவாசோனில் ஒரு போர் நடந்தது. ரோமானியர்களின் கடைசிப் பிடியும் அங்கே தளர்ந்தது. வென்றவர்கள் பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தார். அவர்கள் தலைவன் குளோவிஸுக்கு இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். நாடு கைக்கு வந்தது, ஆனால் நாட்டின் பேச்சு வரவில்லை. குடிமக்கள் தங்கள் கொச்சை லத்தீனை விடாமல் பேசினார்கள். ஆளவந்தவர்கள்தான் காலப்போக்கில் தங்கள் மொழியை மறந்துபோனார்கள். மறப்பதற்குள், ஊர்ப் பேச்சில் ஏராளமான சொற்களைக் கலந்துவிட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்று, மரத்தையோ கல்லையோ பிளப்பதைக் குறித்த வினைச்சொல். மொழியியலாளர்கள் ஊகித்து மீட்டிருக்கும் வடிவம் ஏறத்தாழ ‘ஸ்லைட்டன்’. பிராங்குகளின் வாயில் அது சிரமமில்லாமல் புரண்டது. குடிமக்களின் வாயில் முதல் எழுத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது.

காரணம் பழையது. சொல்லின் தொடக்கத்தில் ‘ஸ்’ வந்து, பின்னால் இன்னொரு மெய்யும் ஒட்டிக்கொண்டால், பேச்சு லத்தீன்காரர்களுக்கு ஆகாது. வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் 79-ஆம் ஆண்டு புதைந்த பொம்பெய் நகரத்துச் சுவரிலேயே, ‘ஸ்முர்னா’ என்ற பெயரை ஒருவர் ‘இஸ்முர்னா’ என்று கிறுக்கி வைத்திருந்தார். பள்ளியைக் குறித்த ‘ஸ்கோலா’ என்ற லத்தீன் சொல் ஸ்பெயினில் ‘எஸ்குவேலா’ ஆனதும், போர்ச்சுகலில் ‘எஸ்கோலா’ ஆனதும் இந்தப் பழக்கத்தால்தான். முன்னால் ஓர் உயிரெழுத்தை நட்டுவிட்டால் ‘ஸ்’ அதன்மேல் சாய்ந்துகொள்ளும், வாய்க்கு எளிது. ஆனால் ‘ஸ்லைட்டன்’ கொடுத்த தொல்லை இரட்டிப்பு. ‘ஸ்’ஸும் ‘ல்’லும் சேர்ந்து ஒரு சொல்லைத் தொடங்கும் வழக்கமே அவர்கள் பேச்சில் அற்றுப்போயிருந்தது. முன்னால் ஓர் ‘எ’ நட்டும் போதவில்லை.

அப்போது ஒரு விபத்து நேர்ந்தது. ‘ஸ்’ஸிலிருந்து ‘ல்’லுக்குத் தாவும்போது, பழக்கமில்லாத நாக்கு இடையில் ஒரு கணம் முழுதாக அடைத்துக்கொண்டது. அந்த அடைப்பு கேட்டவர் காதில் ‘க்’ என்று விழுந்தது. யாரும் வேண்டுமென்று சேர்க்காத ‘க்’ அது. கிழக்கே கிரேக்கர்களும் இதே இடத்தில் இதே போலத் தடுக்கினார்கள். ஸ்லாவ் மக்களின் பெயரை ‘ஸ்க்லாவ்’ என்றுதான் அவர்களால் சொல்ல முடிந்தது. அந்த இனத்தார் பெருமளவில் அடிமைகளாக விற்கப்பட, அந்தத் தடுக்கிய வடிவமே லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அடிமைக்குப் பெயராகி நிலைத்தது. பிரான்சிலோ, பிளக்கும் வினையிலிருந்து ‘எஸ்க்லாட்’ என்ற பெயர்ச்சொல் பிறந்தது. பிளந்த துண்டு, சிராய் என்று பொருள். அதன் பெண்பால் வடிவம் ‘எஸ்க்லாட்ட’. ஏடு ஏடாகப் பிளந்துவரும் ஒருவகைக் கரிய கல்லுக்கு அந்தப் பெயர் போய் ஒட்டியது. ஒரே ஓர் உயிரும் ஒரே ஒரு மெய்யும் கூடுதலாகச் சுமந்த அந்தச் சொல், 1066-இல் நார்மன் படகுகள் கடந்த அதே கால்வாயைப் பின்னாளில் கடந்து இங்கிலாந்தில் இறங்கியது.

அங்கே ஒரு வேடிக்கை. ஆங்கிலேயர்களுக்கு ‘ஸ்’ ஒரு பொருட்டே இல்லை. அவர்களும் ஜெர்மானிய வழியினர்தானே. முன்னால் நின்ற ‘எ’ எதற்கு என்று அவர்களுக்கு விளங்கவில்லை, உதறிவிட்டார்கள். ‘ஸ்க்லாட்ட’ என்றானது. நடுவில் நின்ற ‘க்’கும் கொஞ்ச காலத்தில் உதிர்ந்து ‘ஸ்லாட்ட’ என்று ஒலித்தது. (ஸ்காட்லாந்துக்காரர்கள் மட்டும் அந்தக் ‘க்’கை விடாமல் வைத்துக்கொண்டார்கள்.) பிரெஞ்சுக்காரர்கள் எண்ணூறு ஆண்டுகளாகக் கட்டிவைத்த கட்டுகளை எல்லாம் அவிழ்த்து, பிராங்குகளின் பழைய தொடக்கத்தை ஆங்கிலேயர்கள் தங்களை அறியாமலே மீட்டிருந்தார்கள். 14-ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் இந்த வடிவம் தலைகாட்டியது. பிறகு கடைசியில் நின்ற மெல்லிய உயிரும் ஓசையின்றி அணைந்தது. சொல் இப்போது இரண்டு பக்கமும் மொட்டை: தொடக்கத்தில் இரட்டை மெய், முடிவில் தனி மெய். இப்படி ஒரு சொல் கொஞ்சமும் உள்ளே நுழைய முடியாத மொழி ஒன்று உலகத்தின் மறுகோடியில் இருந்தது.

அங்கே கதவுக்கான விதி அதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ள, பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். வடமொழிச் சொற்கள் தமிழுக்குள் வரும்போது என்னென்ன ஆகும் என்பதை அவர் சில நூற்பாக்களில் வகுத்தார். எந்த வடவெழுத்து எந்தத் தமிழ் எழுத்தாகும் என்பது ஒரு பகுதி. அதைவிடக் கூர்மையானது இன்னொரு பகுதி. இரண்டு மெய்கள் இணைந்து வந்தால் நடுவே எந்த உயிர் முளைக்கும் என்று அவர் பட்டியலே போட்டார்: ய, ர, ல இவற்றுக்கு முன் இகரம்; ம, வ இவற்றுக்கு முன் உகரம்; ந-வுக்கு முன் அகரம். வக்ரம் ‘வக்கிரம்’ ஆனதும், பத்மம் ‘பதுமம்’ ஆனதும், ரத்னம் ‘அரதனம்’ ஆனதும் இந்தக் கணக்கில்தான். எந்த உயிரை வேண்டுமானாலும் சொருகிக்கொள்ளலாம் என்று அவர் விடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பின்னால் வரும் மெய்தான் உயிரைத் தீர்மானித்தது. வடமொழியை மனத்தில் வைத்து எழுதிய அந்த நூற்பா, ஆங்கிலம் என்ற பெயரையே கேட்டிராத ஊரில், ஓர் ஆங்கிலச் சொல்லுக்காக அறுநூறு ஆண்டுகள் காத்திருந்தது.

இங்கிலாந்தில் இதற்கிடையே இன்னொரு புரட்டு நடந்தது. 15-ஆம் நூற்றாண்டில் தொடங்கி, ஆங்கிலத்தின் நெடில்கள் எல்லாம் இடம் பெயர்ந்தன. வாயை அகலத் திறந்து சொன்ன ‘ஆ’ மெல்ல மேலேறி ‘ஏ’ ஆனது. ‘ஸ்லாட்’, ‘ஸ்லேட்’ ஆனது. கல்லுக்கும் நல்ல காலம் பிறந்தது. 1782-இல் ரிச்சர்ட் பெனன்ட் என்ற பெரும் நிலக்கிழார் வட வேல்ஸில் பெத்தெஸ்டாவுக்கு அருகே இருந்த பென்ரின் கல் குவாரியை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தார். தொழிற்புரட்சி கட்டிய வீடுகளின் கூரைகளை எல்லாம் அந்த நீலச்சாம்பல் கல் மூடியது. ஓடுகளின் அளவுகளுக்குச் சீமாட்டிகளின் பட்டங்களை வைத்து, கோமகள் என்றும் பிரபுப் பெண் என்றும் விற்றார்கள் வணிகர்கள். கூரைக்குப் போன கல் குழந்தைகளின் மடிக்கு வந்து சேர்வதற்கு ஒரு தூண்டுதல் வேண்டியிருந்தது. அது சென்னையிலிருந்து கிளம்பியது.

1789-இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் அனாதைச் சிறுவர்களுக்கான காப்பகத்தை மேற்பார்வையிட ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். காப்பகத்தின் ஆசிரியர்கள் எதைச் சொன்னாலும் இழுத்தடித்தார்கள். ஒருநாள் வழியில் ஓர் உள்ளூர்ப் பள்ளியைக் கடந்தபோது, பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தெழுதிப் பழகுவதைப் பெல் பார்த்தார். காகிதமும் பேனாவும் இல்லாமலே படிப்பு நடந்துகொண்டிருந்தது. காப்பகத்திலும் அதையே செய்யச் சொன்னார். ஆசிரியர் ‘நடக்காது’ என்றார். பெல் விடவில்லை, ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனையே சிறியவர்களுக்கு வாத்தியாராக்கினார். அது நடந்தது. ஊர் திரும்பிய பெல், 1797-இல் லண்டனில் அதைச் சிறு நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஜோசப் லாங்காஸ்டர் என்ற இளைஞர் லண்டனின் பரோ சாலையில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். சின்னப் பிள்ளைகளுக்கு மணல், கொஞ்சம் தேறியவர்களுக்கு அந்தக் கல்லில் செய்த பலகை என்று முறை வகுக்கப்பட்டது. எழுதலாம், அழிக்கலாம், காகிதச் செலவில்லை. இந்தக் கல்விமுறைக்கு ‘மதராஸ் முறை’ என்றே பெயர் வழங்கியது. தமிழ்த் தெருவின் மணல் லண்டனுக்குப் போய்க் கல்லாக இறுகியது. அந்தக் கல் 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிப் பள்ளிகளோடும் அரசுப் பள்ளிகளோடும் மதராஸுக்கே திரும்பியது, ஓர் ஆங்கிலப் பெயரோடு.

பனையோலையும் எழுத்தாணியும் மணலும் பழகிய திண்ணைப் பள்ளிக்காரர்களுக்குப் பொருளில் புதுமை பெரிதாக இல்லை. மணலுக்குப் பதில் கல், விரலுக்குப் பதில் குச்சி, அவ்வளவே. பெயரில்தான் சிக்கல். ‘ஸ்லேட்’ என்ற ஒற்றை அசைச் சொல்லில், தமிழ் ஏற்காதவை மூன்று இருந்தன. தொடக்கத்தில் இரண்டு மெய்கள், அதிலும் முதலாவது தமிழ் நெடுங்கணக்கில் இல்லாத ‘ஸ்’, முடிவில் ‘ட்’. தமிழ்ச் சொல்லின் கடைசியில் வல்லின மெய் தனியே நிற்காது. ‘ண், ம், ர், ல்’ போன்றவை நிற்கும், ‘ட்’ நிற்காது. ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டியிருந்தது.

முதல் முடிச்சைப் பழந்தமிழ் அறியும். ஸ்கந்தன் ‘கந்தன்’ ஆனார், ஸ்தலம் ‘தலம்’ ஆனது. வல்லினத்துக்கு முன் நின்ற ‘ஸ்’ஸை அப்படியே வெட்டிவிடுவது அந்தக் காலத்து வைத்தியம். ‘ஸ்டேஷன்’ பிற்காலத்தில் ‘டேசன்’ ஆனதும் அதே கத்தியால்தான். இன்னும் சிலர் முன்னால் இகரத்தை நட்டு ‘இஸ்டேசன்’, ‘இஸ்கூல்’ என்றார்கள். பொம்பெய்ச் சுவரில் ‘இஸ்முர்னா’ என்று கிறுக்கியவர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் எந்தத் தெருவிலும் ‘இஸ்லேட்’ என்ற வடிவம் பிழைக்கவில்லை. ‘லேட்டு’ என்று வெட்டிய வடிவமும் நிலைக்கவில்லை. அந்தச் சொல் மட்டும் ஏன் வேறு வழியில் போனது?

விடை ‘ல்’லில் இருந்தது. ‘ஸ்’ஸுக்குப் பின் ‘ட்’டோ ‘க்’கோ வந்தால் இரண்டும் இறுகக் கடித்துக்கொள்ளும். நடுவே உயிரைச் சொருகினால் சொல் ஊருக்கே தெரியும்படி கிழிந்துபோகும். ஆகவே உயிர் வாசலிலேயே நின்றுவிடும். ‘ல்’லோ, பாதி உயிர்போல வழுக்கி ஒலிக்கும் மெய். அதற்கு முன் ஓர் உயிர் நுழைந்தால் காதுக்கு வித்தியாசம் சட்டென்று தெரியாது. உலகத்தின் பல மொழிகள் இந்தப் பாகுபாட்டைச் செய்வதை மொழியியலாளர்கள் பிற்பாடு கண்டார்கள். வடக்கே வங்காளிகளும் ‘இஸ்கூல்’ என்றவர்கள், இந்தப் பலகையை மட்டும் நடுவே இகரம் வைத்தே சொன்னார்கள். தமிழில் அந்த நடு உயிர் எதுவாக இருக்கும் என்பது கேள்வியே இல்லை. ‘ல’வுக்கு முன் இகரம் என்று பவணந்தியார் முடித்துவைத்திருந்தார். ஸ்-க்குப் பதில் ‘ச’ வந்து அமர்ந்தது. பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்களும் அந்த விதியைக் கொஞ்சமும் பிசகாமல் பின்பற்றினார்கள். நூற்பாவை வாயிலிருந்துதானே அவரும் எடுத்திருப்பார்! முன்பாதி ‘சிலே’ என்று உருண்டு வந்தது. பின்பாதியில் அதைவிட நுட்பமான ஒரு பொறி இருந்தது.

‘ட்’டோடு ஓர் உகரத்தைச் சேர்த்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். சேர்த்தால் ‘சிலேடு’ வரும், அங்கேதான் ஆபத்து. தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றை ‘ட’ வந்தால் அது மெலிந்து, ‘வீடு’, ‘மாடு’ என்பதுபோல ஒலிக்கும். வல்லோசை போய்விடும். அதைக் காக்கத் தமிழில் ஒரே வழி, எழுத்தை இரட்டிப்பது. ஆங்கிலத்தில் இரண்டு வேறு எழுத்துகள் செய்கிற வேலையைத் தமிழ் ஒற்றையாலும் இரட்டையாலும் செய்துகொண்டது. சவரக் கத்தி ‘பிளேடு’ ஆனது, சாப்பாட்டுத் தட்டு ‘பிளேட்டு’ ஆனது. சாலை ‘ரோடு’, மேல்சட்டை ‘கோட்டு’. கடன் வாங்கியவர்கள் யாரும் இலக்கணம் பார்த்துப் பிரிக்கவில்லை. காதில் வன்மையாக விழுந்ததை இரட்டித்தார்கள், மென்மையாக விழுந்ததை ஒற்றையாக விட்டார்கள். தப்பு நேர்ந்தது அபூர்வம். அப்படித்தான் நான்கு வாய்களைக் கடந்து, ஒற்றை அசை மூன்று அசையாகி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் மஞ்சள் பையில் ‘சிலேட்டு’ வந்து விழுந்தது.

இந்தப் பிறப்பில் ஒரு வியப்பு எஞ்சியிருந்தது. அந்த அச்சு தமிழில் ஏற்கெனவே வார்த்து வைக்கப்பட்டிருந்தது. இரு பொருள்படப் பேசுவதற்கான ‘ஸ்லேஷ’ என்ற வடசொல், பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ‘சிலேடை’ ஆகியிருந்தது. சித்த வைத்தியர்களோ கபத்தைக் குறித்த ‘ஸ்லேஷ்மம்’ என்ற சொல்லைச் ‘சிலேட்டுமம்’ என்று எழுதினார்கள். வேல்ஸ் மலையில் வெட்டிய கல்லின் பெயர், ஓர் எழுத்துக்கூட மாறாமல், மூக்கடைத்த நோயாளியின் நாடிக் குறிப்பில் ஏற்கெனவே கிடந்தது. பொருளில் ஒட்டோ உறவோ கிடையாது. ஒரே வாசல் வழியே வந்தவை ஒரே உருவத்தில் வெளிவந்தன.

தென்னிந்தியாவிலேயே சிலேட்டுக் கல் கிடைக்கவும் செய்தது. அன்றைய மதராஸ் மாகாணத்துக்குள் இருந்த மார்க்காபூரின் மலைகளில் பிளந்தெடுத்த கற்கள் மரச்சட்டம் போட்டுத் தமிழகக் கடைகளுக்கு வந்தன. பாடநூல்கள் ‘கற்பலகை’ என்ற பெயரைப் பரிந்துரைத்தன. நல்ல சொல்தான், ஆனால் பிள்ளைகள் கேட்கவில்லை. சிலேட்டுக் குச்சி உடைந்தது, எச்சில் தொட்டுச் சிலேட்டை அழித்தார்கள், சிலேட்டால் பக்கத்துப் பையன் மண்டையில் அடித்தார்கள். வேற்றுமை உருபுகள் எல்லாம் அந்தச் சொல்லில் அட்டகாசமாகப் பொருந்தின. கடைசியில் சேர்த்த உகரம், உருபு வந்தால் விலகி வழிவிட்டது. ‘சிலேட்டு’, ‘சிலேட்டை’, ‘சிலேட்டில்’. வந்தேறி என்ற சந்தேகமே எழவில்லை.

அந்த உயிர்களை வாய் சேர்த்ததா, காது சேர்த்ததா என்ற வழக்கு மட்டும் தீராமல் கிடந்தது. 1999-இல் இமானுவேல் டுபூ என்ற பிரெஞ்சு உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் ஜப்பானில் கிடைத்த ஒரு துப்பைப் பிடித்தார்கள். ஜப்பானியமும் தமிழைப்போல மெய்க்கூட்டங்களை எளிதில் ஏற்காத மொழி. ‘எப்ஸோ’ போன்ற பொருளற்ற ஒலிகளையும், நடுவே உயிர் உள்ள ‘எபுஸோ’ போன்றவற்றையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இரண்டையும் எளிதாகப் பிரித்தார்கள். ஜப்பானியர்களுக்கோ, உயிரே இல்லாத ஒலியிலும் ‘உ’ கேட்டது. வாய் திறப்பதற்கு முன்பே காது இட்டு நிரப்பிவிட்டது. ‘ஸ்லேட்’ என்று ஆங்கிலத் துரை சொன்னதைச் சிலேட்டு என்று திருப்பிச் சொன்னவர்கள் சோம்பலாலோ அறியாமையாலோ சொன்னார்கள் என்று சிரித்தவர்கள் ஏராளம். துரை வாயிலிருந்தே அவர்கள் அப்படித்தான் கேட்டிருக்கலாம்.

காதும் பழகக்கூடியதுதான். ஆங்கிலவழிப் பள்ளிகள் பெருகிய பிறகு வளர்ந்த தலைமுறையின் நாக்கு ‘ஸ்ல’ என்ற தொடக்கத்தை இடறாமல் தாண்டியது. நடு இகரம் நகரங்களில் உதிரத் தொடங்கியது. ‘இஸ்கூல்’ சினிமா நகைச்சுவைக்குப் போனது. ஆனால் பின்பாதி அசையவில்லை. இரட்டை ‘ட்’டும் அதன் உகரமும் வேற்றுமை உருபுகளோடு பிணைந்திருந்தன. அவற்றைக் கழற்றினால் தமிழ் வாக்கியத்தில் சொல்லைப் பொருத்த இடமே இல்லை. முதல் மெய்யை அப்பழுக்கில்லாத ஆங்கிலமாக உச்சரிக்கிற பிள்ளையும் வாக்கியத்தை முடிக்கும்போது ‘ஸ்லேட்ட எங்க வச்சேம்மா?’ என்றுதான் கேட்டது.